380 வெள்ளி வீடு, 650 வெள்ளி வீடு, 800 வெள்ளி வீடு: தோட்டத்தை விட்டு இறங்கும்போது போட்ட கணக்கு

அப்பாவுக்கு 60 வயது நிறைந்து வேலை முடிந்தது. தோட்டத்து வீட்டை நவம்பர் மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அப்பா பிறந்ததே லயத்தில்தான். எங்கள் குடும்பத்தில் யாருமே அதுவரை வாடகை கொடுத்ததில்லை. தண்ணீரும் வீடும் வேலையோடு வந்தவை, மின்சாரக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வீடு தேடும் வேலை என் தலையில் வந்தபோது, மாத வாடகை எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கத் தெரியவில்லை.

மூன்று வீடுகள் கிடைத்தன. முதலாவது, சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடு, வாடகை 650 வெள்ளி. இரண்டாவது, டவுனிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில் பலகை வீடு, 380 வெள்ளி. மூன்றாவது, ஈப்போ போகும் வழியில் செமோரில் ஒரு தாமான் வீடு, 800 வெள்ளி. அம்மா 380-ஐக் கேட்டவுடனே முடிவு செய்துவிட்டார். மாதம் 270 வெள்ளி மிச்சம் என்றால் வருடத்துக்கு 3,000-க்கு மேல். அப்பாவின் சேமநிதிப் பணத்தைத் தொடாமல் இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதிப் பார்த்தபோது வேறு ஒரு படம் தெரிந்தது. தோட்டத்திலிருந்து முதல் முறையாக வாடகை வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் அதை இங்கே எழுதுகிறேன்.

குடிபோகும்போது கையை விட்டுப் போகும் பணத்தை நான் மூன்றாகப் பிரித்தேன். ஒன்று, திரும்பி வரும் பணம். டெப்பாசிட் என்கிறோமே, அது. இரண்டு, முதல் மாத வாடகை. அது எப்படியும் கொடுக்க வேண்டியது, முன்னாலேயே கொடுக்கிறோம், அவ்வளவுதான். மூன்று, போனால் போனதுதான் என்ற பணம். லோரிக் கூலி, ஒப்பந்தச் செலவு, முத்திரை வரி, வீட்டைக் குடியிருக்கும்படி ஆக்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, “வீடு மாற 3,500 ஆகும்” என்று சொன்னால் எந்த வீடு மலிவு என்று கடைசி வரை தெரியாது.

டெப்பாசிட்டிலிருந்து தொடங்குகிறேன். மலேசியாவில் பரவலாகக் கேட்பது “டூ பிளஸ் ஒன் பிளஸ் ஹாஃப்”. இரண்டு மாத வாடகை பாதுகாப்பு டெப்பாசிட், ஒரு மாத முன் வாடகை, அரை மாத வாடகை மின்சாரம், தண்ணீருக்கான டெப்பாசிட். இதைச் சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக இருக்கிறது. ஆனால் நாங்கள் வீடு எடுத்த 2025-இல் அப்படி ஒன்று நடப்பில் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் சட்டம். பேசிக் குறைக்கவும் முடியும். கம்பத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் டெப்பாசிட், ஒரு மாதம் வாடகை போதும் என்றார்.

டவுன் வீட்டுக்கு அப்படிப் பார்த்தால் டெப்பாசிட் 1,300, மின்சாரத் தண்ணீர் டெப்பாசிட் 325, முன் வாடகை 650. சாவி வாங்கும் நாளில் வீட்டுக்காரர் கையில் 2,275 வெள்ளி. செமோர் வீட்டுக்கு 1,600, 400, 800, ஆக 2,800. கம்பத்துக்கு வெறும் 760. இந்த இடத்தில் நின்றுவிட்டால் யாருக்கும் கம்பத்து வீடுதான் மலிவாகத் தெரியும். ஆனால் டவுன் வீட்டின் 2,275-இல் 1,625 திரும்பி வர வேண்டிய பணம், செமோரில் 2,000.

“வர வேண்டிய” என்று சொன்னேன். உண்மையில் வருமா என்பதுதான் பெரிய கேள்வி. என் அத்தை ஒருவர் முன்பு இருந்த வாடகை வீட்டில் இரண்டு மாத டெப்பாசிட்டையும் இழந்தார். குடிபோகும்போதே சமையலறை ஓடு வெடித்திருந்தது, குளியலறைக் கதவு அடியில் உளுத்திருந்தது. படம் எடுத்து வைக்கவில்லை. காலி செய்யும்போது எல்லாம் அவர் உடைத்தது என்றாகிவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது, ஆனால் அதற்கு முத்திரை வரி கட்டவில்லை.

முத்திரை வரியை நம்மில் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறோம். 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள். டெப்பாசிட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம். அதற்குக் கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்.

வரி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. மீதம் இருந்தால் அதையும் ஒரு 250 ஆகக் கணக்கிட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் 250-க்கு 3 வெள்ளி. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் பலர் சொல்கிறார்கள், கவனம்.

டவுன் வீட்டின் ஆண்டு வாடகை 7,800. அதை 250-ஆல் வகுத்தால் 31.2, அதாவது 32. வரி 32 வெள்ளி, நகலுக்கு 10 வெள்ளி, ஆக 42. இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருந்தால் வரி மட்டும் 96 ஆகியிருக்கும். ஒரு வருடம் போட்டு, அடுத்த வருடம் புதுப்பித்து மறுபடியும் கட்டினாலும் வரி 64-தான். ஆனால் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாடகை ஏறாது. அந்த 32 வெள்ளி வித்தியாசத்துக்காக ஒரு வருட ஒப்பந்தம் போடாதீர்கள், வாடகை ஏறுமா என்பதைப் பார்த்துப் போடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் சம்மதிக்கவில்லை, அதனால் எங்களுக்கு அந்தத் தேர்வே வரவில்லை. வரியை வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டலாம். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கட்டினால் அபராதம் இல்லை. ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவருக்கு 150 கொடுத்தோம். ஆக, டவுன் வீட்டுக்குக் காகிதச் செலவு மொத்தம் 192. செமோர் வீட்டுக்கு எழுத்துக் கூலி 250, வரி 39, நகல் 10, ஆக 299. கம்பத்து வீட்டுக்கு எழுத்தே இல்லை. “நம்ப ஆளுங்க, காகிதம் எதுக்கு” என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர், உண்மையாகவே சொன்னார். ஆனால் அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்கும் அந்த வார்த்தை நினைவிருக்க வேண்டுமே.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு சின்ன வேலை. வீட்டு வரி ரசீதில் இருக்கும் பெயரும் கையெழுத்துப் போடுபவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். உடன்பிறந்தவர் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து ஒரு கடிதம் கேளுங்கள். வீட்டைப் பார்த்த அன்றே “புக்கிங்” என்று ஒரு மாத வாடகை கேட்டால், அது முன் வாடகையில் கழியும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மின்சார மீட்டர் யார் பெயரில் என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால் அவர் அரை மாத டெப்பாசிட் கேட்பதில் நியாயம் உண்டு. நம் பெயருக்கு மாற்றினால் தெனாகாவுக்கு நாமே ஏறக்குறைய இரண்டு மாத பில் அளவுக்கு டெப்பாசிட் கட்ட வேண்டும். அப்போது வீட்டுக்காரருக்கும் மின்சாரத்துக்கென்று கொடுத்தால் ஒரே காரணத்துக்கு இரண்டு இடத்தில் பணம் முடங்கும். டவுன் வீட்டில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில்தான் தொடர்கிறது.

அடுத்தது சாமான் ஏற்றுவது. இதில்தான் தோட்டத்துக்காரர்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு.

முதலில் மாமாவின் வேனில் நான்கைந்து நடை அடிக்கலாம் என்றுதான் இருந்தோம். ஒரு நடைக்கு எண்ணெய்க் காசு, இரண்டு ஆளுக்குச் சாப்பாடு என்று 80 வெள்ளி வைத்தால் ஐந்து நடைக்கு 400. அலமாரியும் கட்டிலும் வேனுக்குள் நுழையாது, பிரித்து மாட்ட வேண்டும். பிரித்த பழைய பலகை அலமாரி மறுபடி நேராக நிற்காது. மூன்று டன் லோரி, இரண்டு ஆளோடு, டவுனுக்கு 380 சொன்னார்கள். ஒரே நடை. அதோடு ஆட்களுக்குச் சாப்பாடு, தண்ணீர் 60, ஆக 440. செமோருக்கு 520-உம் 60-உம், ஆக 580. கம்பத்துக்குப் பாதை குறுகல், பெரிய லோரி வளையாது. சின்ன லோரி இரண்டு நடைக்கு 360 என்றார்கள், ஆள் சேர்த்து.

லோரிக்காரரிடம் விலை பேசும்போது தோட்டத்துப் பாதையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் லயத்துக்கு வரும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் செம்பனை லோரிகள் உழுத தடத்தில் சாமான் லோரி இறங்கிவிடும். டிராக்டர் வந்து இழுக்கும் வரை காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கேட்பார்கள். அதனால் காலை ஏழரைக்கே வரச் சொன்னோம். கேட்டில் சாமான் வெளியே போக ஆபீஸ் கடிதம் வேண்டும். கிராணியிடம் அதை முந்தைய நாளே வாங்கி வைத்தோம். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான் என்பதை மறந்தால் லோரி கேட்டில் நிற்கும். குளிர்பெட்டியைப் படுக்க வைத்து ஏற்றவிடாதீர்கள். நிற்க வைத்துக் கட்டச் சொல்லுங்கள். போனதும் சில மணி நேரம் விட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

நாள் பார்ப்பதும் செலவில் சேரும். ஆடி வேண்டாம், புரட்டாசி வேண்டாம், மார்கழி வேண்டாம் என்று எல்லாரும் ஒதுக்கினால் மீதி மாதங்களில் சனி, ஞாயிறில் லோரி கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு நல்ல நாள் புதன்கிழமை வந்தது. தம்பிக்கும் எனக்கும் வேலை. சரி என்று புதன் விடியற்காலை நாங்கள் நாலு பேரும் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வேலைக்குப் போனோம். சாமானைச் சனிக்கிழமை ஏற்றினோம். பால் காய்ச்சிவிட்டால் குடிவந்தது போலத்தான் என்று பாட்டி ஒப்புக்கொண்டார். ஒரு நாள் சம்பளம் இரண்டு பேருக்கு மிச்சம்.

இனி, யாரும் முதலில் நினைக்காத செலவு. லயத்து வீட்டில் மின்விசிறி, விளக்கு எல்லாம் தோட்டத்துடையது, கழற்ற முடியாது. டவுன் வீடோ வெறும் கூடு. மூன்று மின்விசிறி, விளக்குகள், மாட்டும் கூலி சேர்த்து 420. திரைச்சீலைக் கம்பி, துணி இயந்திரத்துக்குக் குழாய், கேட் பூட்டு, கதவுப் பூட்டு மாற்றம் என்று 260. ஆக 680. செமோர் வீட்டில் மின்விசிறி, சமையல் அலமாரி, கம்பி எல்லாம் இருந்தன, 120 போதும்.

கம்பத்து வீட்டுக்கு வருவோம். கூரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. சமையலறையில் தண்ணீர்த் தொட்டி இல்லை. பழைய ஒயர், ஒரு அறையில் சுவிட்சைப் போட்டால் பொறி வந்தது. வாடகை குறைவு, அதனால் சரி செய்வது குடியிருப்பவர் பொறுப்பு என்பது பேச்சு. ஒயர்க்காரரையும் கூரைக்காரரையும் கூட்டிப் போய்க் காட்டினேன். எல்லாம் சேர்த்து 1,900 சொன்னார்கள். ஒயர் வேலையில் குறைக்க முடியாது, பலகை வீடு. அதோடு மின்விசிறி, விளக்கு 420. லோரி 360. மொத்தம் 2,680. இதில் ஒரு காசும் திரும்பி வராது.

இப்போது மூன்று வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| | கம்பம் | டவுன் | செமோர் |
|---|---|---|---|
| மாத வாடகை | 380 | 650 | 800 |
| குடிபோகும்போது கையில் வேண்டியது | 3,440 | 3,587 | 3,799 |
| அதில் திரும்பி வர வேண்டியது | 380 | 1,625 | 2,000 |
| அதில் போனது போனதே | 2,680 | 1,312 | 999 |

இரண்டாவது வரிசையைப் பார்த்தபோது அம்மா இரண்டு முறை கூட்டச் சொன்னார். வாடகை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டாலும், வாசலைத் தாண்ட வேண்டிய பணத்தில் 359 வெள்ளிதான் வித்தியாசம். கடைசி வரிசை இன்னும் முக்கியம். வாடகை குறையக் குறைய, திரும்பாத பணம் ஏறிக்கொண்டே போகிறது. இது எல்லா வீட்டுக்கும் இப்படியே வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த வாடகையில் கிடைக்கும் வீடு பெரும்பாலும் ஏதாவது ஒன்றை உங்கள் செலவில் விட்டுவிடுகிறது. அது என்ன என்று கண்டுபிடித்து விலை கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.

அடுத்து, மாதச் செலவு. நான் ஈப்போவில் வேலை செய்கிறேன், மாதம் 24 நாள், பழைய சின்னக் கார், ஒரு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கும். ரோன்95 மானிய விலை லிட்டர் 1.99. டவுனிலிருந்து ஈப்போ போய்வர 60 கிலோமீட்டர், மாதம் 205 வெள்ளி எண்ணெய். செமோரிலிருந்து போய்வர 30 கிலோமீட்டர், 102 வெள்ளி. கம்பத்திலிருந்து டவுன் வந்து அங்கிருந்து போக வேண்டும், 76 கிலோமீட்டர், 259 வெள்ளி. டயர், எண்ணெய் மாற்றம் எல்லாம் இதில் சேர்க்கவில்லை. அப்பா கம்பத்திலிருந்து மோட்டாரில் டவுனுக்கு வர மாதம் 30. செமோரில் இருந்தால் அப்பா, அம்மாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வாரம் ஒரு முறை கூட்டி வர மாதம் 17. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் பில் மூன்று வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் இருப்போம் என்று வைத்துக்கொண்டு, வாடகை, திரும்பாத செலவு, போக்குவரத்து மூன்றையும் கூட்டினேன். இரண்டாம் வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வரியையும் சேர்த்தேன். கம்பம் 18,736. டவுன் 21,874. செமோர் 23,104. மாதத்துக்குப் பிரித்தால் 781, 911, 963.

கம்பம்தான் இன்னமும் மலிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டவுனுக்கும் அதற்கும் 270 என்று தெரிந்த வித்தியாசம் 130 ஆகச் சுருங்கிவிட்டது. டவுனுக்கும் செமோருக்கும் 150 என்று தெரிந்தது 51-தான். அந்த 51 வெள்ளிக்கு எனக்குத் தினமும் பாதித் தூரம் குறையும் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

கம்பத்து வீட்டில் எனக்குப் பயம் தந்தது வேறு. எழுத்து இல்லாத வீடு. மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று ஒரு வருடத்தில் கேட்டால்? நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் நல்ல முகத்தோடு சாவி கொடுத்தவரிடம் சட்டம் பேசி உட்கார்ந்திருக்க எங்களால் முடியாது. ஆகவே ஒரு வருடத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மாத வாடகை 4,560, திரும்பாத 2,680, என் எண்ணெய் 3,108, அப்பாவின் மோட்டார் 360. மொத்தம் 10,708, மாதத்துக்கு 892. டவுன் வீட்டின் 911-உக்கு வெறும் 19 வெள்ளிதான் குறைவு. அதற்கு மேல் மறுபடியும் லோரி, மறுபடியும் டெப்பாசிட். அந்த 1,900 வெள்ளி ஒயரும் கூரையும் அவர் மகனுக்கு.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று சொல்வேன். கம்பத்து வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒயர் செலவை வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கவும் சம்மதித்திருந்தால், எங்கள் முடிவு மாறியிருக்கும். ஈப்போவுக்கு ஓட வேண்டாத, டவுனிலேயே வேலை உள்ள ஒரு குடும்பத்துக்கு அது நிச்சயம் நல்ல வீடு. கேட்டுப் பார்த்தோம். வாடகையில் கழிக்க அவருக்கு முடியவில்லை, அந்த 380-ஐ வைத்துத்தான் அவர் மருந்து வாங்குகிறார்.

டவுனா, செமோரா என்பதை அப்பாதான் முடித்து வைத்தார். டவுனில் தெரிந்தவர் கடையில் காலை நேரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் பெரிதில்லை, ஆனால் அறுபது வயது வரை ஒரு நாள்கூடச் சும்மா இருந்து பழகாதவர். கூடவே லயத்திலிருந்து இறங்கிய நாலைந்து குடும்பம் அதே தாமானில் இருக்கிறது. செமோரில் பகல் முழுக்க இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பார்கள். என் ஓட்டத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றேன்.

முடிவு செய்த பிறகு டவுன் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டேன். மின்விசிறியும் விளக்கும் காலி செய்யும்போது கழற்றமாட்டோம், வீட்டோடு விட்டுவிடுகிறோம், அதற்குப் பதிலாக இரண்டாம் மாத வாடகையில் 300 கழித்துக்கொள்ளுங்கள் என்று. அவருக்கு அடுத்து வருபவருக்கும் மின்விசிறி உள்ள வீடு ஆகிறது. ஒப்புக்கொண்டார், ஒப்பந்தத்தின் கடைசியில் கையால் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் இரண்டு வருடக் கணக்கு 21,574 ஆகக் குறைந்தது.

சாவி வாங்கிய அன்று வீட்டுக்காரர் இருக்கும்போதே மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுத்தேன். ஒவ்வொரு அறையிலும் சுவர், தரை, கூரை, கதவின் அடிப்பக்கம், குழாய் ஒழுக்கு எல்லாம் எடுத்து அவருக்கே அன்று இரவு அனுப்பினேன். 64 படம். குளியலறையில் ஒரு ஓடு உள்ளே பொள்ளலாக இருந்தது, தட்டிப் பார்த்து அதையும் எழுதினேன். அவர் ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டார். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அத்தைதான் சொல்லிக் கொடுத்தார், அவர் இழந்தது எனக்கு உதவியது.

அம்மா லயத்துக் கொல்லையிலிருந்து முருங்கைக் கம்பு இரண்டு வெட்டி எடுத்து வந்தார். தரையில் நட வேண்டாம், பின்னால் தகராறு வேண்டாம் என்று பெரிய எண்ணெய் டின்னில் வைத்திருக்கிறார். இரண்டும் துளிர்த்திருக்கின்றன.

ஒப்பந்தம் 2026 அக்டோபரில் முடிகிறது, தொடர்வதா என்று இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வாடகையை ஏற்றிக் கேட்டால் எதுவரை ஒப்புக்கொள்வது என்று இப்போதே ஒரு எண் எழுதி வைத்திருக்கிறேன். செமோர் வீடு அன்று இதே விலைக்குக் கிடைத்தால், அங்கே மாதச் செலவு வாடகையும் எண்ணெயுமாக 919. இங்கே என் எண்ணெய் 205. ஆக வாடகை 714 வரை ஏறினாலும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் செமோருக்கு மாற லோரி, காகிதம், சில்லறை என்று 999 திரும்பாமல் போகும். ஒரு வருடத்துக்கு அதைப் பிரித்தால் மாதம் 83. அதனால் 797 கேட்கும் வரை இங்கேயே இருப்பதுதான் எங்களுக்கு மலிவு. வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவரை 700-ஐத் தாண்டமாட்டார்.